பல்வலி மாத்திரை சுமந்த பழி

எனக்குச் சந்தேகப் புத்தி. வீட்டில் இதைப் பக்குவமாகச் சொல்வார்கள். கடையில் என்னோடு வேலை பார்க்கும் மலாய்க்காரப் பெண் முகத்துக்கு நேராகவே சொல்லிச் சிரிப்பாள். நான் மறுத்ததில்லை. செலண்டார் என்கிற சின்ன ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கும் பார்மசிஸ்ட் வேறு எப்படி இருக்க முடியும்? இருமல் மருந்து கேட்டு வருகிறவனுக்கு இருமல் இருக்காது. "அம்மாவுக்குத் தூக்கமே வரல" என்று மாத்திரை கேட்பவனின் கண்கள்தான் தூங்கிப் பல நாள் ஆனதுபோல இருக்கும். வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால், ஊரே ஒரே குரலில் "இல்ல" என்று சொல்லும். பையைத் திறந்து காட்டச் சொன்னால் உள்ளே ஒரு குட்டி ஆஸ்பத்திரி இருக்கும்.

அந்த "இல்ல"வை நான் ஒருபோதும் நம்பியதில்லை. அதனால்தான் அந்தத் தம்பி வந்து நின்ற நாளை இன்னும் மறக்கவில்லை.

அவன் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவன். அவன் எனக்குப் பழக்கமானதே ஒரு முள்ளால்தான். அதற்கு முந்தைய தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால், குலை ஏற்றும்போது காலில் முள் ஏறி, பாதம் வீங்கி, டாக்டர் கொடுத்த ஆண்டிபயாட்டிக்கைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்து நின்றான். கால் கொழுக்கட்டைபோல் பளபளத்தது.

"ஏன் தம்பி நிறுத்தினீங்க?"

"தீபாவளி வந்துடுச்சுக்கா. மச்சானுங்க எல்லாம் வந்திருந்தாங்க. மருந்தும் பீரும் ஒன்னா உள்ள போனா ஆளையே கொன்னுடும்னு சொன்னாங்க. அதான் மருந்த நிறுத்திட்டேன்."

பீரை நிறுத்தவில்லை, கவனியுங்கள். இந்த ஊர் ஆண்கள் எல்லாரும் இந்த விஷயத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். குடித்தால் ஆண்டிபயாட்டிக் வேலை செய்யாது என்று ஒருவன் சொல்வான். வேலை செய்யாது என்பது போய், விஷமாகிவிடும் என்று அடுத்தவன் சொல்வான். ஆனால் எவனும் பாட்டிலைக் கீழே வைக்கமாட்டான். மாத்திரையைத்தான் வைப்பான்.

அன்றைக்கு அவனிடம் உள்ளதைச் சொன்னேன். அவன் சாப்பிட்ட மருந்துக்கும் பீருக்கும் நேரடிச் சண்டை எதுவும் கிடையாது. காய்ச்சலோடு குடித்தால் உடம்பு தேறத் தாமதமாகும், அது வேறு. பாதியில் விட்டதால்தான் கால் இப்படி ஆனது. குடிக்கவே கூடாது என்று அட்டையிலேயே எழுதியிருக்கும் மருந்துகளும் உண்டு, மெட்ரோனிடசோல் மாதிரி. பல்லுக்கும் வயிற்றுக்கும் கொடுப்பார்கள். குடித்தால் சிலருக்கு முகம் சிவந்து குமட்டும் என்பதால் அதை ஒதுக்கி வைப்பதே நல்லது. தூக்கம் வரவைக்கும் மாத்திரையோடு குடிப்பது அதைவிட மோசம். லாரி ஓட்டுகிறவனுக்குச் சொல்லவே வேண்டாம்.

"அப்ப இத்தன நாளா எல்லாரும் சொன்னது பொய்யா?" என்று கேட்டான். யாரோ தன்னை ஏமாற்றிவிட்டது போன்ற முகம். நிம்மதிப்பட வேண்டியவன் கோபப்பட்டான். அப்போதே எனக்கு அவனைப் பற்றி ஒன்று புரிந்தது. இவனும் என் ஜாதி, சந்தேகக்காரன்.

சொல்லப்போனால் மனிதர்கள் பயப்படுகிற இடம் ஒன்று, பயப்பட வேண்டிய இடம் வேறு. இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபாரின் சாப்பிடும் பெரியவர் ஒருவர் எங்கள் கடைக்கு வருவார். ஒரு சொட்டு மதுவைத் தொடமாட்டார். தொட்டால் செத்துவிடுவேன் என்பார். அவரேதான் முட்டிவலிக்குக் கண்ட வலி மாத்திரையையும் கொறிக்கடலைபோல் வாயில் போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே ரத்தம் கசியவைப்பது அந்த மாத்திரைதான் என்று சொன்னபோது, நான் வேறு மாத்திரை விற்கப் பார்க்கிறேன் என்று நினைத்தார். சந்தேகம் எல்லோருக்கும் இருக்கிறது. சரியான இடத்தில்தான் இல்லை.

சரி, அந்தத் தம்பிக்கு வருகிறேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், மழைக்கு முன்னால் வரும் புழுக்கம். அவன் உள்ளே வந்தான், என்னைப் பார்த்தான், நேராகக் குழந்தை நாப்கின் அலமாரிக்குப் போய் நின்றுவிட்டான். அவன் வீட்டில் நாப்கின் கட்டுகிற பிள்ளை இல்லை. இரண்டு பெண்கள், சின்னவளே பாலர் பள்ளிக்குப் போகிறாள். அவன் நாப்கினைப் படித்துக்கொண்டே நின்றான். மற்ற வாடிக்கையாளர்கள் போகும்வரை படித்தான். கடை காலியானதும் கவுண்டருக்கு வந்தான்.

"அக்கா, ஒன்னு கேக்கணும். ஒளிக்காம சொல்லணும்."

"கேளுங்க."

"பல்லுவலிக்குக் கொடுக்குற ஆண்டிபயாட்டிக், இந்த பிளானிங் மாத்திரைய கெடுத்துடுமா?"

சட்டைப் பையிலிருந்து ஒரு வெற்று அட்டையை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தான். மாத்திரை எல்லாம் பிதுக்கி எடுத்த அட்டை. ஓரத்தில் காய்ந்த தேயிலைத் தூள் ஒட்டியிருந்தது.

"எங்கேர்ந்து எடுத்தீங்க இத?"

"குப்பையிலேர்ந்து."

அமோக்ஸிசிலின். பல் டாக்டர்கள் வழக்கமாகக் கொடுப்பது. இவன் மனைவி மாதா மாதம் என்னிடம்தான் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை வாங்குகிறாள்.

"என்ன ஆச்சு தம்பி?"

"முழுகாம இருக்கா." மகிழ்ச்சியோ வருத்தமோ இல்லாமல், போலீஸில் புகார் கொடுப்பவன்போல் சொன்னான். "மாத்திரைய ஒழுங்காத்தான் சாப்புட்டேன், பல்லுக்குக் கொடுத்த மருந்து அத கெடுத்துடுச்சுங்கிறா. எங்கேயோ படிச்சாளாம். நானும் ஹேண்ட்போன்ல தேடினேன். பாதி பேரு ஆமாங்கிறான், பாதி பேரு இல்லங்கிறான். பீர் விஷயத்துல நீங்க ஒருத்தர்தான் உள்ளத சொன்னீங்க. அதான் வந்தேன்."

பெருமையாக இருந்திருக்க வேண்டும். இல்லை. எரிச்சலாக இருந்தது. உண்மை சொல்கிறவள் என்று பெயரெடுத்தால் இதுதான் கதி, கத்தியையும் உன்னிடமே கொண்டுவந்து தீட்டச் சொல்வார்கள்.

அவன் நிறுத்தவில்லை. "நான் பாதி மாசம் ஜொகூர் பக்கம் ஓட்டிக்கிட்டு இருக்கேங்க்கா. வீட்ல என்ன நடக்குதுன்னு எனக்கென்ன தெரியும்? காலையில பேக்டரி பஸ்ஸுக்கு நிக்கும்போது எதையோ வாயில போட்டுக்கிறா, நானே பாத்தேன். கேட்டா வைட்டமின்லா, பேசாம இருங்கங்கிறா. டாய்லெட்ல பாத்தா ஆரஞ்சு சர்பத்த ஊத்தினாப்புல இருக்கு. அதுவும் வைட்டமினாம்."

அவன் சொல்லாமல் விட்டதும் எனக்குக் கேட்டது. அவன் நாள் எண்ணிக்கொண்டிருந்தான். எப்போது வீட்டில் இருந்தேன், எப்போது இல்லை என்று.

அவன் கேட்ட கேள்விக்கான பதில் எனக்குத் தெரியும். அமோக்ஸிசிலின் கருத்தடை மாத்திரையைக் கெடுக்காது. வழக்கமாகக் கொடுக்கும் ஆண்டிபயாட்டிக் எதுவுமே கெடுக்காது. பயங்கரமாக வாந்தி எடுத்தாலோ, பேதி போனாலோ மாத்திரை உடம்பில் சேராமல் போகலாம், அவ்வளவுதான். "கெடுக்காது" என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பெண் பொய்க்காரி ஆகிவிடுவாள். "கெடுக்கும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் வீடு தப்பிக்கும். டாக்டர்களிலேயே பல பேர் நெடுங்காலமாகச் சொல்லிவந்ததுதான். நான் சொன்னால் யார் வந்து கேட்கப்போகிறார்கள்?

சொல்ல வாய் வரவில்லை. நல்ல புத்தியால் அல்ல. அந்தப் பெண் என்னிடமும் ஏதோ மறைக்கிறாள் என்று தோன்றிவிட்டது. என் சந்தேகப் புத்தி விழித்துக்கொண்டது அந்த ஆரஞ்சு நிறத்தில்தான். வைட்டமின் பி சாப்பிட்டால் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போகும். ஆரஞ்சு சர்பத்போல் போகாது. அதோடு, நான் அவளுக்கு எந்த வைட்டமினும் விற்கவில்லை.

"என்கிட்ட மருந்து வாங்குறவங்க விஷயத்த, அவங்க இல்லாத இடத்துல நான் பேசமாட்டேன் தம்பி. ரெண்டு பேரும் வாங்க."

"அப்ப கெடுக்காதுன்னு அர்த்தம்."

"நான் அப்படிச் சொல்லல."

"ஆமான்னும் சொல்லலியே." அட்டையை எடுத்து, பத்திரமாகத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டான். "நாளைக்கு கூட்டிட்டு வரேன். அவ முன்னாடியே சொல்லுங்க. பொய்யா இருந்தா, உம்பாய்ல அவங்க அம்மா வீட்லயே போய் இருக்கட்டும்."

அவன் போனபிறகு மழை பிடித்துக்கொண்டது. எனக்கு அவன்மேல் கோபம். குப்பையைக் கிளறுகிற நேரத்தில் மனைவியிடம் உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம். அவள்மேலும் கோபம். ஒவ்வொரு மாதமும், பெட்டியை எடுத்துக் கொடுக்கும்போது, வேறு மருந்து ஏதாவது உண்டா என்று கேட்பேன். ஒவ்வொரு மாதமும் "இல்லக்கா" என்பாள், அந்த ஊர் "இல்ல"வை. கடைசி இரண்டு மூன்று முறை அதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை என்பது இப்போது ஞாபகம் வந்தது. யோசிக்க யோசிக்க எல்லாமே குற்றமாகத் தெரிய ஆரம்பித்தது. பேக்டரி பஸ், ஒளித்துச் சாப்பிடும் மாத்திரை, பாதி மாதம் வீட்டில் இல்லாத கணவன். நானும் அவனைப்போலவே குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

அவன் நாளைக்குக் கூட்டி வருவதற்கு முன்னால், அன்று சாயங்காலமே அவளாக வந்துவிட்டாள். ஷிப்ட் முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக. நீல யூனிபார்ம், தோளில் சாப்பாட்டுப் பை. கடையில் ஆள் இருந்ததால் நாப்கின் அலமாரிக்கே போய் நின்றாள். எனக்குச் சிரிப்பு வந்திருக்கும், வேறு நாளாக இருந்தால்.

ஆலோசனைக்கென்று ஒரு தடுப்புக்குப் பின்னால் இரண்டு நாற்காலி போட்டிருப்பேன். அங்கே உட்காரவைத்தேன்.

"அக்கா, அவரு வந்தாருல்ல? போன்ல சொன்னாரு. ஆமான்னு சொல்லிடுங்கக்கா. நீங்க சொன்னா நம்பிடுவாரு."

"எத ஆமான்னு சொல்லணும்?"

"பல்லு மருந்துதான் கெடுத்துடுச்சுன்னு."

"அது கெடுக்காதும்மா."

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் எதிர்பார்க்கவில்லை. மாட்டிக்கொண்டவளின் பார்வை அல்ல அது. சுத்தமான அதிர்ச்சி. "கெடுக்கும்னுதானே எல்லாரும் சொல்றாங்க? அப்ப எப்படிக்கா? நான் ஒரு நாள்கூட விடலையே. மாரியம்மன் மேல சத்தியமா விடல."

இப்போது என் சந்தேகம் தடுமாறியது. வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். வாந்தி எடுத்தாயா? இல்லை. பேதி? இல்லை. நேரம் தவறினாயா? ஹேண்ட்போனில் அலாரம் வைத்திருக்கிறாள், எடுத்துக் காட்டினாள்.

"மாத்திரை சாப்பிடும்போது நடுவுல, தேதி தப்பி, உதிரம் பட்டுச்சா?"

கொஞ்சம் யோசித்தாள். "பட்டுச்சுக்கா. கொஞ்ச நாளாவே. சூடுன்னு நெனச்சு இளநி குடிச்சேன்."

அது சூடு இல்லை. மாத்திரையின் ஹார்மோன் உடம்பில் போதாமல் போனால் அப்படித்தான் படும். ஏதோ ஒன்று அதை உள்ளேயே தின்றுகொண்டிருந்தது.

"வைட்டமின் எந்தக் கடையில வாங்கினே?"

சாப்பாட்டுப் பையின் வாரை இறுக்கிப் பிடித்தாள்.

"கோபமில்ல. சும்மாதான் கேக்குறேன். காட்டு."

மூடியிருந்த பிளாஸ்டிக் டப்பாவுக்குள் ஊறுகாய்ப் பொட்டலத்துக்கு அடியிலிருந்து எடுத்தாள். கருஞ்சிவப்புக் கேப்ஸூல்கள். எனக்கு எழுத்தைப் படிக்க வேண்டியிருக்கவில்லை. ரிஃபாம்பிசின்.

"இத சாப்பிடுறேன்னு ஏம்மா சொல்லல? ஒவ்வொரு தடவையும் கேட்டேனே!" என் குரல் உயர்ந்துவிட்டது. தடுப்புக்கு அந்தப் பக்கம் மலாய்ப் பெண் இருமிக் காட்டினாள்.

"இது ஆண்டிபயாட்டிக் இல்லியேக்கா," என்றாள் அவள், மெதுவாக. "இது டிபி மருந்து."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அது ஆண்டிபயாட்டிக்தான். கருத்தடை மாத்திரையை உண்மையாகவே கவிழ்க்கிற ஆண்டிபயாட்டிக் என்று சொன்னால் அதுவும் அதன் சொந்தக்கார மருந்துகளும்தான். அது கல்லீரலை முடுக்கிவிடும். முடுக்கிவிட்ட கல்லீரல் ஹார்மோனை வேலை செய்யவிடாமல் சீக்கிரமே கரைத்து வெளியே தள்ளிவிடும். வலிப்புக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் இதே வேலையைச் செய்யும். இந்தச் சங்கதி முதலில் தெரியவந்ததே டிபி மருந்து சாப்பிட்ட பெண்களிடம்தான். பிறகு ஊரும் உலகமும் சேர்ந்து எல்லா ஆண்டிபயாட்டிக் தலையிலும் பழியைப் போட்டுவிட்டன. இவளும் பாவம், பயப்படத்தான் செய்தாள். அப்பாவியான பல்வலி மாத்திரையைப் பார்த்துப் பயந்தாள். செய்தவனை ஊறுகாய்க்கு அடியில் வைத்துப் பாதுகாத்தாள்.

ஒவ்வொன்றாகச் சொன்னாள். உம்பாயில் இருக்கும் அவள் அம்மாவுக்கு இருமல் விடவில்லை. டிபி என்று தெரிந்தது. அங்கே போய்த் தங்கிப் பார்த்துக்கொண்டவள் என்பதால் இவளையும் கிளினிக்கில் கூப்பிட்டுச் சோதித்தார்கள். நெஞ்சுப் படத்தில் ஒன்றுமில்லை. ஆனால் கிருமி உள்ளே நுழைந்து தூங்குகிறது, எழுந்திருக்காமலிருக்க மருந்து சாப்பிடு என்றார்கள். அவளுக்கு நோயில்லை. அவளிடமிருந்து யாருக்கும் பரவவும் செய்யாது. கிளினிக்கில் அதையும் சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் வீட்டில் மாமியார் இருக்கிறார். எஸ்டேட்டில் இருந்த காலத்தில் அந்த அம்மாளின் அண்ணிக்கு இந்த நோய் வந்து, லயத்து வரிசை வீடுகளில் கடைசி வீட்டில் தனித் தட்டு, தனிப் பாய் என்று ஒதுக்கிவைத்து, பிள்ளைகளைக் கடைசிவரை தொடவிடவில்லையாம். மாமியார் அதைச் சரியான காரியம் என்றுதான் இன்றைக்கும் சொல்வாராம்.

"டிபின்னு ஒரு வார்த்த காதுல விழுந்தா போதும்க்கா, என் பிள்ளைங்கள என்கிட்ட விடமாட்டாங்க. அதான் வைட்டமின்னேன். உங்ககிட்டயும் சொல்லல. கடைக்கு எல்லாரும் வர்றாங்கல்ல."

"கிளினிக்ல கேட்டிருப்பாங்களே, பிளானிங் மாத்திரை சாப்பிடுறியான்னு?"

"கேட்டாங்க." அழுகைக்கு நடுவில் ஒரு மாதிரிச் சிரித்தாள். "கேட்டது யாருன்னு நெனைக்கிறீங்க? அங்க மருந்து கொடுக்குற நம்ம டிரஸ்ஸர் தம்பி. எங்க மாமியாருக்கு ஒன்னுவிட்ட அண்ணன் மவன். கோயில் திருவிழாவுல எங்க வீட்லதான் சாப்புடுவாரு. பேரன் வேணும் பேரன் வேணும்னு எங்க மாமியார் அம்மனுக்கு வேண்டிக்கிட்டு இருக்காங்க. நான் மாத்திரை சாப்புடுறேன்னு அவருகிட்ட எப்படிக்கா சொல்றது? அவரு வாய தெறக்கமாட்டாருதான். இருந்தாலும் எனக்கு வாய் வரல. இல்லன்னுட்டேன்."

அங்கே ஒரு "இல்ல." இங்கே ஒரு "இல்ல." டிபி மருந்து கொடுத்தவருக்குக் கருத்தடை மாத்திரை தெரியாது, கருத்தடை மாத்திரை கொடுத்த எனக்கு டிபி மருந்து தெரியாது. இரண்டும் சந்தித்துக்கொண்ட ஒரே இடம் அவள் கல்லீரல். மாமியாருக்கு மறைக்கப்போய், கணவன் கண்ணில் கள்ளியாகி நின்றாள். எனக்கு அவள்மேல் இருந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. மாமியார்மேல் போய் உட்கார்ந்திருக்கலாம்.

செய்ய வேண்டியதைச் சொன்னேன். கருத்தடை மாத்திரை இனி வேண்டாம். டிபி மருந்தைத் தானாக நிறுத்தக் கூடாது. கிளினிக் திறந்ததும் முதல் ஆளாகப் போய், முழுகாமல் இருப்பதைச் சொல்ல வேண்டும். மருந்தைத் தொடர்வதா, தள்ளிப்போடுவதா, மாற்றுவதா என்று டாக்டர் முடிவு செய்வார். டிரஸ்ஸர் தம்பியிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால், "டாக்டர்கிட்ட தனியா பேசணும்" என்று கேட்கலாம், அதற்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

"அவருகிட்ட?"

"அது நீதான் சொல்லணும். நான் சொல்லமாட்டேன். ஆனா நீ சொன்னா, உண்மைன்னு சாட்சி சொல்லுவேன்."

"டிபின்னு சொல்றதுக்குப் பதிலா பல்லு மருந்துன்னே இருந்துட்டா?"

அவள் அப்படிக் கேட்டபோது, சரி என்று சொல்லிவிடலாமா என்று மறுபடியும் ஆசை வந்தது. ஆனால் அந்த மனிதன் தேடிக்கொண்டேயிருப்பான். இன்றைக்கு என் வார்த்தையை நம்புவான், நாளைக்கு வேறொருவனிடம் கேட்பான், அப்போது எங்கள் இருவரையும் கூட்டுக்களவாணிகள் என்பான். அதைச் சொன்னேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். யூனிபார்மின் கழுத்து ஓரத்தில் வியர்வை பட்ட இடம் லேசாக ஆரஞ்சுபோல் இருந்தது. அந்த மருந்து வியர்வையைக்கூட விட்டுவைக்காது. இத்தனை நாள் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றவளிடம் நான் அதைப் பார்த்ததே இல்லை.

மறுநாள் மத்தியானம் மூன்று பேராக வந்தார்கள். அவன் முன்னால், அவள் பின்னால், நடுவில் சின்ன மகள், கழுத்தில் மாட்டிய தண்ணீர்ப் பாட்டிலோடு. தடுப்புக்குப் பின்னால் இருந்தவை இரண்டே நாற்காலிதான், அவன் உட்காரவில்லை. அட்டையை மறுபடியும் எடுத்து வைத்தான்.

"சொல்லுங்கக்கா."

"இது கெடுக்காது," என்றேன்.

அவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். ஜெயித்தவனின் முகமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அடிபட்டவன் முகமாக இருந்தது. அந்த நொடியில் அவன் இதைக் கேட்க வந்தவனல்ல, இதற்கு மாறாகக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் வந்தவன் என்று எனக்குப் பட்டது.

அவள் கேப்ஸூல் அட்டையை எடுத்து அந்த வெற்று அட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். "இதுங்க. இதுதான் கெடுத்துச்சு. வைட்டமின் இல்ல. டிபி மருந்து. அம்மாவுக்கு இளைப்புன்னு சொன்னது பொய், டிபி. எனக்கு வரலைங்க, வராம இருக்கறதுக்குத்தான் கொடுத்தாங்க. உங்க அம்மாவுக்குப் பயந்து சொல்லல."

ஒரே மூச்சில் சொன்னாள். வழியெல்லாம் மனப்பாடம் செய்திருக்க வேண்டும்.

அவன் நம்பவில்லை. அவன் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். "இது என்ன புதுக் கதை? நேத்து பல்லு, இன்னிக்கு டிபியா?" என்று என்னைப் பார்த்தான். "ரெண்டு பேரும் சேர்ந்து பேசி வச்சிருக்கீங்களா?"

"நீங்கதானே தம்பி சாட்சி," என்றேன். "டாய்லெட்ல ஆரஞ்சு சர்பத்துன்னு சொன்னது யாரு? வைட்டமினுக்கு அந்தக் கலர் வராது. இந்த மருந்துக்குத்தான் வரும். இந்த மருந்துதான் பிளானிங் மாத்திரைய கவுக்கும். எப்பேர்ந்து அந்தக் கலர்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. அப்பேர்ந்து அவங்க ஒழுங்கா சாப்பிட்ட மாத்திரை எல்லாம் வீண்."

அவன் யோசித்தான். உதடு அசைந்தது. மறுபடியும் நாள் எண்ணுகிறான் என்று தெரிந்தது, ஆனால் இந்த முறை வேறு நாட்களை. அவளைக் குற்றவாளியாக்கக் கொண்டுவந்த அதே ஆரஞ்சு அவளைப் பிடித்து வெளியே இழுத்தது. தோள் இறங்கியது.

"அப்ப..." என்றான். "என்..." பாதியில் நிறுத்திவிட்டான். வெட்கப்பட்டான். எனக்கு அவனைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

அது ஒரு நிமிடம்கூட நிலைக்கவில்லை. சின்ன மகள் தாகம் என்றாள். அம்மாவிடம் பாட்டிலை நீட்டித் திறக்கச் சொன்னாள். அவள் திறந்து, வாய் வறண்டு போயிருந்ததால் தான் ஒரு வாய் குடித்துவிட்டு, பிள்ளையிடம் நீட்டினாள். அவன் கை குறுக்கே வந்தது. பாட்டிலை வாங்கிக்கொண்டான். பிள்ளையிடம் கொடுக்கவில்லை. மூடியை ஒரு கையிலும் பாட்டிலை மறு கையிலும் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டான்:

"பிள்ளைங்களுக்கு ஒட்டாதுல்லக்கா?"

"ஒட்டாது. அவங்களுக்கு நோயே இல்ல. அது எச்சில் தண்ணியில பரவுறதும் இல்ல."

"ஷூவரா?"

"ஷூவர்."

தலையாட்டினான். ஆனால் பாட்டில் அவன் கையிலேயே இருந்தது. ஒரு சந்தேகம் போன இடத்தில் இன்னொன்று சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. லயத்தின் அந்தக் கடைசி வீடு அவன் கண்ணில் தெரிந்தது. அவள் அதைப் பார்த்தாள். இதற்குப் பயந்துதானே இத்தனையும். நான்தானே உண்மையைச் சொல்லச் சொன்னவள்.

அவள் எழுந்தாள். அழவில்லை. அவன் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்காமல், சாதாரணமாக வாங்கினாள். அவன் பார்க்கும்படி வாய் வைத்து ஒரு மிடறு குடித்தாள். பிறகு பாட்டிலை அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் உதவி செய்யவில்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லியாகிவிட்டது. கவுண்டரில் மலாய்ப் பெண் யாருக்கோ மீதிச் சில்லறை கொடுக்கும் சத்தம் கேட்டது. அவன் குடிக்கமாட்டான் என்று நான் நிச்சயமாக நினைத்தேன். என் சந்தேகப் புத்தி அப்படித்தான் சொன்னது.

அவன் பாட்டிலை வாங்கினான். வாயைத் துடைக்கவில்லை, பாட்டிலின் வாயையும் துடைக்கவில்லை. அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவும் இல்லை. அவள் வைத்த இடத்திலேயே வாய் வைத்துக் குடித்தான்.

கீழே நின்ற சின்ன மகள் அவன் கால்சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, எனக்கும் கொஞ்சம் வைங்கலா."